88-லேயே நின்றுபோன வாட்ச்

நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தைத் தாண்டியதும் அக்கா மகள் கையிலிருந்த ஸ்மார்ட்வாட்சைக் கழற்றி நீட்டினாள். 12 சதவீதம் காட்டியது. பெட்டியில் இருந்த பிளக் பாயின்ட்டில் ஏற்கெனவே யாருடைய போனோ தொங்கிக்கொண்டிருந்தது. என் பையிலிருந்த பவர் பேங்கில் வாட்சை மாட்டி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடிந்து, கோவில்பட்டி தாண்டும்போது எழுந்து பார்த்தவள், "மாமா, ராத்திரி பூரா மாட்டியிருந்தும் 88-லயே நிக்குது. உங்க பவர் பேங்க் தூங்கிருச்சு போல" என்றாள்.

அவளுடைய தம்பிக்கு இன்னும் மோசம். கையில் கட்டும் ஒல்லியான ஃபிட்னஸ் பேண்ட் வைத்திருந்தான். மாட்டியதும் மின்னல் குறி ஒன்று தோன்றும். அரை நிமிடம் கழித்து அது அணைந்துவிடும். இப்படி ஐந்தாறு தடவை முயன்றுவிட்டு, அது கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டியிருந்தான். ஆனால் அதே பவர் பேங்க் முந்தின நாள் என் போனை ஒருமுறை முழுதாக நிரப்பியிருந்தது. விளக்குகள் நான்கில் மூன்று இன்னும் எரிந்தன.

பிள்ளை விளையாட்டாகச் சொன்னதுதான் உண்மை. பவர் பேங்க் தூங்கித்தான் போனது. வாட்சிலும் கோளாறு இல்லை, பேண்டிலும் இல்லை, பவர் பேங்கிலும் இல்லை. இயர்பட்ஸ், ஸ்மார்ட்வாட்ச், ஃபிட்னஸ் பேண்ட் வைத்திருக்கும் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். பேட்டரி போய்விட்டது என்று சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போகிறவர்களும் உண்டு. போவதற்கு முன் பவர் பேங்குக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

ஒரு சொம்புத் தண்ணீருக்கு மோட்டார்

பவர் பேங்கின் உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. நிறைந்திருக்கும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட். தீரத் தீர 3 வோல்ட் வரை இறங்கும். ஆனால் யூஎஸ்பி கேபிள் வழியாக வெளியே போக வேண்டியது 5 வோல்ட். அதாவது, கீழ்த்தொட்டியில் இருக்கும் தண்ணீரை மேல்மாடிக்கு ஏற்றித் தர வேண்டும். அதற்கு ஒரு மோட்டார் தேவை. பவர் பேங்கில் அந்த மோட்டாரின் வேலையைச் செய்வது 'பூஸ்ட்' சர்க்யூட். ஒரு சின்னக் கம்பிச்சுருளில் மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை விட்டு விட்டு நிறுத்தி, 3.7-ஐ 5 ஆக உயர்த்துகிறது.

மோட்டார் ஓடினால் அதற்கென்று ஒரு செலவு உண்டு. மாடியில் யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும், ஓடும்வரை அது மின்சாரம் தின்னும். பூஸ்ட் சர்க்யூட்டும் அப்படித்தான். எதுவும் மாட்டாமல் சும்மா விழித்திருக்கவே சில மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். வேகச் சார்ஜ் தரும் மாடல்களில் இது இன்னும் கூடலாம்.

10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விழித்திருக்கும் செலவு 10 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். பத்தாயிரத்தைப் பத்தால் வகுத்தால் ஆயிரம் மணி நேரம், ஏறக்குறைய 41 நாள். நிரப்பிப் பையில் போட்டுவிட்டு ஒன்றரை மாதம் கழித்து எடுத்தால் சுத்தமாகக் காலியாக இருக்கும். அதே பவர் பேங்க் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூங்கினால், செலவு 0.1 மில்லி ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். கணக்குப்படி அது 11 வருடம் தாங்க வேண்டும். அதற்கு வெகு முன்பே பேட்டரி தன் இயல்பில் வடிந்துவிடும் என்பது வேறு விஷயம். ஆபத்துக்கு உதவ வேண்டிய பொருள் பையிலேயே வற்றிப்போகக் கூடாது என்பதற்காகத்தான், வேலை முடிந்ததும் தூங்கும்படி அதை அமைக்கிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், வேலை முடிந்துவிட்டதா என்பதை அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதில்.

கொஞ்சமா, ஒன்றுமே இல்லையா?

சாதாரணப் பவர் பேங்குக்குக் கேபிளின் மறுமுனையில் இருப்பது என்ன பொருள் என்று தெரியாது. எவ்வளவு மின்னோட்டம் வெளியே போகிறது என்பது மட்டும்தான் தெரியும். அது ஓர் அளவுக்குக் கீழே இறங்கி, சில நொடிகள் அங்கேயே நின்றால், போனைக் கழற்றிவிட்டார்கள் அல்லது போன் நிறைந்துவிட்டது என்று முடிவுசெய்து தூங்கிவிடும். அந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும். பெரும்பாலும் 50-லிருந்து 100 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும்.

மலிவு விலைப் பவர் பேங்குகளிலும் மின்னணுப் பொழுதுபோக்காளர்கள் வாங்கும் சின்னப் பலகைகளிலும் அதிகம் காணப்படும் சிப் ஒன்று உண்டு. அதன் முதுகில் IP5306 என்று அச்சிட்டிருக்கும். வெளியே போவது 45 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கி 32 நொடி ஆனால் அது வெளியீட்டை நிறுத்திவிடும். பேண்டின் மின்னல் குறி அரை நிமிடத்தில் அணைந்ததற்கும் இதுபோன்ற ஒரு காத்திருப்பு நேரம்தான் காரணம்.

அப்படியானால் அந்த அளவை 5 மில்லி ஆம்பியர் என்று வைத்துவிட்டால் போகிறது என்று தோன்றும். முடியாததல்ல. ஆனால் கொஞ்சமாகப் போகும் மின்னோட்டத்தை அளப்பது லேசான காரியமல்ல. மின்னோட்டத்தை அளக்க, அது போகும் பாதையில் மிகச் சின்னத் தடை ஒன்றை வைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையே எவ்வளவு மின்னழுத்தம் விழுகிறது என்று பார்ப்பது வழக்கம். தடை பெரியதாக இருந்தால் போன் சார்ஜ் ஆகும்போது வீணாகச் சூடேறும். அதனால் 10 மில்லி ஓம் போல மிகக் குறைவாக வைப்பார்கள். போன் 2 ஆம்பியர் இழுக்கும்போது அதில் 20 மில்லி வோல்ட் விழும், எளிதாக அளந்துவிடலாம். வாட்ச் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும்போது விழுவது அரை மில்லி வோல்ட். விலை குறைந்த அளவுச் சர்க்யூட்டின் சொந்தப் பிழையே அந்த அளவுக்கு இருக்கும். லாரிகளை நிறுத்தும் எடைமேடையில் கறிவேப்பிலைக் கொத்தை வைத்தால் முள் அசையுமா? கறிவேப்பிலை இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், எடைமேடைக்குத் தெரியாது.

மீட்டர் போட்டுப் பார்த்தபோது

ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது. 12-லிருந்து 88 வரை ஏற்றிய பவர் பேங்க், ஏன் சரியாக அங்கே போய் நிற்க வேண்டும்? சென்னை ரிச்சி தெருவில் யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கினேன். பவர் பேங்குக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் வோல்ட்டையும் ஆம்பியரையும் திரையில் காட்டும் சின்னக் கருவி. கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும், "வாட்ச்தானே அண்ணே? கடைசியில பாருங்க, இறங்கிட்டே வரும். அதுலதான் கட் ஆகும்" என்றார். அவர் சொன்னதைத்தான் மீட்டரும் சொன்னது.

வாட்சின் பேட்டரி 230 மில்லி ஆம்பியர்-மணி. மீண்டும் 12 சதவீதத்துக்கு இறங்கியபோது மாட்டினேன். எடுத்ததும் 150 மில்லி ஆம்பியர் காட்டியது. ஏறத்தாழ 50 நிமிடம் வரை அந்த எண்ணில் பெரிய மாற்றமில்லை. பிறகு இறங்கத் தொடங்கியது. ஒரு மணி நேரம் ஆனபோது 115-க்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் 85 ஆனது. 80-வது நிமிடத்தில் 60-ஐத் தொட்டது. 85-வது நிமிடம் 50-க்குக் கீழே போனது. அதற்குப் பின் அரை நிமிடம் போல ஓடிவிட்டு மீட்டரின் திரையே அணைந்தது. வாட்சைத் தட்டிப் பார்த்தேன். 88.

லித்தியம் பேட்டரியை நிரப்பும் முறையில்தான் இதற்கு விடை இருக்கிறது. அது இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில், பேட்டரியின் மின்னழுத்தம் அதன் உச்ச அளவை, பொதுவாக 4.2 வோல்ட்டை, எட்டும்வரை மின்னோட்டம் மாறாமல் போகும். எட்டிய பின் மின்னழுத்தத்தை அதற்கு மேல் ஏறவிடாமல் பிடித்துக்கொண்டு, மின்னோட்டத்தை மெல்ல மெல்லக் குறைப்பார்கள். குடத்தில் தண்ணீர் கழுத்து வரை வந்ததும் குழாயைச் சிறிதாக்கி, தளும்பாமல் நிரப்புகிறோமே, அதைப் போல. தொடக்க மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் நிறைந்துவிட்டது என்று நிறுத்துவது வழக்கம்.

போனுக்கும் இதே கதைதான். ஆனால் 2,000 மில்லி ஆம்பியரில் தொடங்கும் போன் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கினாலும் 200 இருக்கும். பவர் பேங்க் தூங்கும் எல்லைக்கு அது மேலேதான். 150-இல் தொடங்கும் வாட்ச் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கினால் 15. போகிற வழியிலேயே 50 என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதனால்தான் கடைசிப் பகுதி மட்டும் ஏறுவதில்லை. ஃபிட்னஸ் பேண்டோ இன்னும் சின்னது. அது தொடக்கத்திலேயே எல்லைக்குக் கீழே இருந்துவிட்டால், முதல் அரை நிமிடத்தோடு கதை முடிந்துவிடும்.

இயர்பட்ஸ் பெட்டியும் இப்படித்தான். பெட்டி காலியாக இருந்தால் 300 மில்லி ஆம்பியர் போல இழுக்கும், தடையில்லாமல் ஏறும். கடைசி நாலைந்து சதவீதத்தில்தான் நிற்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பெட்டி நிறைந்திருந்து, உள்ளே இருக்கும் மொட்டுகள் மட்டும் காலியாக இருந்தால், போகும் மின்னோட்டம் மிகவும் குறைவு. உடனே நின்றுவிடும். நேற்று ஏறிய இயர்பட்ஸ் இன்று ஏன் ஏறவில்லை என்று குழம்புகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீட்டருக்கும் திரை இருக்கிறது, அதற்கும் மின்சாரம் வேண்டும். அந்தச் சில மில்லி ஆம்பியரும் பவர் பேங்கின் கணக்கில்தான் சேரும். மீட்டர் செருகியிருந்தால் வாட்ச் வழக்கத்தைவிட ஓரிரண்டு சதவீதம் கூடுதலாக ஏறினாலும் வியப்பில்லை.

சுத்தமாகக் காலியானால் இன்னும் சிரமம்

பேட்டரி எவ்வளவு காலியோ அவ்வளவு வேகமாக இழுக்கும் என்றுதான் நினைப்போம். ஓர் எல்லை வரை அது சரி. ஆனால் வாட்சை மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவிட்டால் பேட்டரி 3 வோல்ட்டுக்கும் கீழே வடிந்துவிடும். அந்த நிலையில் அதற்குள் முழு மின்னோட்டத்தைச் செலுத்துவது அதற்கு நல்லதல்ல. எனவே வாட்சுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் முதலில் பத்தில் ஒரு பங்கு போலக் கொடுத்து, மெல்ல எழுப்பிப் பார்க்கும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதைப் போல. 3 வோல்ட் அளவுக்கு வந்த பிறகுதான் முழுச் சாப்பாடு.

230 மில்லி ஆம்பியர்-மணி வாட்சுக்கு அந்தக் கஞ்சித் தண்ணீர் 15 முதல் 20 மில்லி ஆம்பியர்தான். சில நிமிடம் போனால் போதும், வாட்ச் விழித்துக்கொண்டு 150-க்குத் தாவிவிடும். ஆனால் பவர் பேங்க் அரை நிமிடத்தில் தூங்கிவிடுகிறது. மறுபடி மாட்டினால் மறுபடி அரை நிமிடம். நன்றாக இருக்கும் வாட்ச் செத்துவிட்டது என்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சுவரில் செருகும் சாதாரண போன் சார்ஜரில் அல்லது லேப்டாப்பின் யூஎஸ்பி துளையில் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். சுவர்ச் சார்ஜருக்குப் பின்னால் இருப்பது மின்வாரியம், தீர்ந்துவிடுமே என்ற கவலை அதற்கு இல்லை, அதனால் இப்படித் தூங்குவதும் இல்லை.

தூங்காதே என்று சொல்லும் பொத்தான்

இந்தச் சிக்கல் தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். அதற்காகத்தான் பல மாடல்களில் 'லோ கரண்ட் மோட்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். சிலர் அதையே 'டிரிக்கிள் சார்ஜிங்' என்கிறார்கள். ஷாவ்மி பவர் பேங்குகளில் பக்கவாட்டுப் பொத்தானை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் இது தொடங்கும். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதே அதற்கு அடையாளம். இரண்டு மணி நேரத்தில் தானாக முடியும். முன்பே முடிக்க வேண்டுமானால் ஒருமுறை அழுத்தினால் போதும். ஆங்கர் மாடல்கள் சிலவற்றில் பொத்தானை இரண்டு முறை தட்டினாலோ இரண்டு நொடி அழுத்திப் பிடித்தாலோ பச்சை விளக்கு எரியும்.

பெயரைப் பார்த்துப் பலரும் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். குறைந்த மின்னோட்டம் என்றால் பவர் பேங்க் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சின்னப் பொருளுக்கு ஏற்றபடி மெதுவாக அனுப்பும் என்று நினைக்கிறார்கள். 22.5 வாட் என்று போட்ட பவர் பேங்கை வாட்சில் மாட்டினால் வாட்ச் வெந்துவிடும் என்ற பயமும் இதிலிருந்து வருவதுதான். இரண்டும் சரியல்ல. இந்த மோடிலும் வெளியே வருவது அதே 5 வோல்ட். எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதை முடிவு செய்வது வாட்சுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப். தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், குழாயை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவுதான் வரும். லோ கரண்ட் மோட் செய்வது ஒரே ஒரு காரியம். குறிப்பிட்ட நேரம் வரை, எவ்வளவு குறைவாகப் போனாலும் மோட்டாரை நிறுத்தாதே என்று பவர் பேங்குக்குச் சொல்கிறது. அவ்வளவுதான்.

மீட்டர் அணைந்த இடத்திலிருந்து, இந்த மோட் உள்ள இன்னொரு பவர் பேங்கில் வாட்சை மாட்டிப் பார்த்தேன். 50-இல் விட்ட மின்னோட்டம் 40, 30, 20 என்று இறங்கி, 15-க்கு வந்ததும் வாட்ச் தானாக நிறுத்திக்கொண்டது. மிச்சமிருந்த 12 சதவீதம் ஏற நாற்பது நிமிடம் பிடித்தது. முதல் 76 சதவீதத்துக்கு 85 நிமிடம் என்பதோடு ஒப்பிட்டால் நத்தை வேகம்தான். ஆனால் நிற்காமல் ஏறியது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 85-உம் 40-உம் சேர்ந்தால் 125 நிமிடம். இரண்டு மணி நேர மோடை எடுத்த எடுப்பிலேயே தொடங்கினால், வாட்ச் நிறைவதற்குச் சற்று முன்பே அது முடிந்துவிடும். பேட்டரி பெரிதாக இருந்தாலோ, பேட்டரி சுத்தமாகக் காலியாகிக் கஞ்சிக் கட்டத்திலிருந்து தொடங்கினாலோ இந்த இடைவெளி கூடும். மோட் வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம், இன்னொரு தடவை இரட்டையாகத் தட்டினால் போதும்.

வேலை முடிந்ததும் மோடை அணைத்துவிடுங்கள். நேரக் கணக்கு வைத்துத் தானாக அணையும் மாடல்களில் மறந்தாலும் பாதகமில்லை. அப்படி இல்லாத மாடலில் மறந்தால், மோட்டார் இரவும் பகலும் ஓடி, முன்பு சொன்ன 41 நாள் கணக்குத் தொடங்கிவிடும்.

எல்லாப் பவர் பேங்குக்கும் இரட்டைத் தட்டல் பொருந்தாது என்பதையும் மனதில் வையுங்கள். IP5306 வைத்த மாடல்களில் ஒருமுறை அழுத்தினால் வெளியீடு தொடங்கும், ஒரு நொடிக்குள் இரண்டு முறை அழுத்தினால் நின்றுபோகும். ஒரு வீட்டில் விழித்திரு என்று பொருள்படும் தட்டல், அடுத்த வீட்டில் தூங்கு என்று ஆகிறது. உங்கள் மாடலுக்கு எது என்பதை அதனுடன் வந்த மடிப்புத்தாளில்தான் பார்க்க வேண்டும்.

அரை நிமிடம் ஏறியதா, ஏறவே இல்லையா?

பவர் பேங்க் தூங்கியதால்தான் நின்றது என்பதை எப்படி உறுதிசெய்வது? மாட்டியதும் ஏறத் தொடங்கி, சில நொடிகளிலோ கடைசிச் சில சதவீதத்திலோ நின்று, பொத்தானை அழுத்தினால் மறுபடி ஏறினால், காரணம் தூக்கம்தான். அதே கேபிளை சுவர்ச் சார்ஜரில் மாட்டும்போது முழுதாக நிறைந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

மாட்டியதிலிருந்து ஒரு நொடிகூட உயிர் வரவில்லை என்றால் அது வேறு சங்கதி. கேபிளின் இரு முனையும் டைப்-சி ஆக இருக்கிறதா என்று பாருங்கள். டைப்-சி துளையிலிருந்து 5 வோல்ட் வர வேண்டுமானால், மறுமுனையில் இருக்கும் பொருள் 5.1 கிலோ ஓம் தடையைக் காட்டி, நான் இங்கே இருக்கிறேன் என்று அடையாளம் சொல்ல வேண்டும். சில மலிவு இயர்பட்ஸ் பெட்டிகளில் சில காசு பெறும் அந்தத் தடையை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்போது பவர் பேங்க் 5 வோல்ட்டைத் திறப்பதே இல்லை. அதே பெட்டியைப் பழைய அகலமான யூஎஸ்பி துளையிலிருந்து டைப்-சிக்கு வரும் கேபிளில் மாட்டினால் ஏறும். இந்தக் குறைக்கு லோ கரண்ட் மோட் உதவாது, கேபிளை மாற்றுவதுதான் வழி.

மோட் இல்லாதவர்கள் என்ன செய்வது?

என் பழைய பவர் பேங்கில் இந்த மோட் கிடையாது. அணையும்போதெல்லாம் பொத்தானை அழுத்தி எழுப்பலாம் என்றால், கடைசி நாற்பது நிமிடத்துக்கு அரை நிமிடத்துக்கு ஒருமுறை வீதம் எண்பது தடவை அழுத்த வேண்டும். அதற்கு வாட்சைத் திருப்பித் தந்துவிடலாம்.

எளிய வழி, பக்கத்துத் துளையில் போனையும் சேர்த்து மாட்டுவது. போன் இழுக்கும்வரை மோட்டார் ஓடும், அதன் நிழலில் வாட்சும் நிறைந்துவிடும். ஒவ்வொரு துளையையும் தனித்தனியாக அளக்கும் மாடல்களில் இது பலிக்காது. மாட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். போன் ஏறக்குறைய நிறைந்த நிலையில் இருந்தாலும் பயனில்லை, பாதி காலியான போனாக இருக்க வேண்டும்.

மின்னணு வேலை தெரிந்தவர்கள் 5 வோல்ட்டின் குறுக்கே 47 ஓம் தடை ஒன்றைப் போட்டு, 100 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் போலிச் சுமை கொடுப்பார்கள். பவர் பேங்க் ஏமாந்து விழித்திருக்கும். அந்தத் தடையில் அரை வாட்டுக்கு மேல் வெப்பமாகப் போவதால் 2 வாட் தாங்கும் தடையாக இருக்க வேண்டும், மெத்தை மேலும் துணி மேலும் வைக்கக் கூடாது. கணக்குப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் அந்தத் தடை தின்பது ஒரு வாட்-மணிக்குச் சற்று மேல். 230 மில்லி ஆம்பியர்-மணி வாட்சின் பேட்டரி முழுதாகக் கொள்வதே அதைவிடக் குறைவு. வீட்டில் செய்து பார்க்க வேண்டிய வேலை இது என்று நான் சொல்ல மாட்டேன்.

வாட்ச் 88-இல் நின்றால் உண்மையில் நஷ்டம் ஏதும் உண்டா? அன்றாடப் பயன்பாட்டுக்கு இல்லை. லித்தியம் பேட்டரி நூறில் நெடுநேரம் நிறைந்து நிற்பதைவிட எண்பதுகளில் நிற்பதையே விரும்பும், ஆயுளும் கூடும். முழுதாக நிறைய வேண்டும் என்ற நாளில் சுவர்ச் சார்ஜரில் போடலாம். தொடங்கவே மறுக்கும் ஃபிட்னஸ் பேண்டுக்கும் அடிக்கடி பயணத்தில் இருப்பவருக்கும்தான் லோ கரண்ட் மோட் கட்டாயம். அவர்கள் அடுத்த முறை பவர் பேங்க் வாங்கும்போது எத்தனை ஆயிரம் மில்லி ஆம்பியர்-மணி, எத்தனை வாட் என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் இந்த மோடின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் ஒரு இயர்பட்ஸ் பெட்டியை மாட்டச் சொல்லி ஒரு நிமிடம் காத்திருங்கள். அந்தப் பெட்டி நிறைந்ததாக இருக்கட்டும், காலியான பெட்டியை எந்தப் பவர் பேங்கும் ஏற்றிவிடும்.